"ஆய்வின் வரம்புகள்" பகுதி மன்னிப்புக் கடிதம் மாதிரி இருக்கிறதாம். எப்படி மாற்றி எழுதுவது?

மழைக்குருவி

எல்லாருக்கும் வணக்கம். சமூகப்பணி முதுகலை கடைசி செமஸ்டர். ஆய்வேடு தமிழில்தான் எழுதுகிறேன். ஒரு கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பி.பி. நோயாளிகள் மாத்திரையை விடாமல் எடுக்கிறார்களா, விட்டால் ஏன் விடுகிறார்கள் என்பதுதான் தலைப்பு. மூன்று மாதத்தில் 248 பேரைக் கேட்டேன், 36 பேர் பேச மறுத்தார்கள், 212 பேர் பதில் சொன்னார்கள். அதில் 136 பேர் ஒழுங்காக எடுப்பதாகச் சொன்னார்கள், 64 விழுக்காடு.

கைடு நான்கு அத்தியாயத்தையும் ஒத்துக்கொண்டார். ஐந்தாவதில் இருக்கும் வரம்புகள் பகுதியைப் படித்துவிட்டு, "என்னம்மா, மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கே, இதை எக்ஸ்டர்னல் படிச்சா மொத்த ஆய்வும் வேஸ்ட்னு நினைப்பார், மாத்து" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படி மாற்றுவது என்று சொல்லவில்லை. எதையும் மறைக்க எனக்கு விருப்பமில்லை. இதுதான் நான் எழுதியது:

"இந்த ஆய்வில் பல குறைபாடுகள் உள்ளன என்பதை ஆய்வாளர் பணிவுடன் ஒப்புக்கொள்கிறார். நேரமின்மை, பொருளாதார வசதியின்மை ஆகிய காரணங்களால் 212 பேரிடம் மட்டுமே தரவு திரட்ட இயன்றது. ஒரே ஒரு சுகாதார நிலையத்தில் மட்டுமே ஆய்வு நடைபெற்றதால் முடிவுகளைப் பொதுமைப்படுத்த இயலாது. பதிலளித்தவர்கள் உண்மையைக் கூறாமல் இருந்திருக்கலாம். சிலர் பங்கேற்க மறுத்துவிட்டனர். இவ்வாய்வு ஒரு சிறு முயற்சியே. இக்குறைகளை எதிர்கால ஆய்வாளர்கள் களைவார்கள் என நம்பப்படுகிறது."

இன்னும் பன்னிரண்டு நாளில் பைண்டிங் கொடுக்கணும். வழி சொல்லுங்கள்.

நேர்கோடு

ரொம்ப சிம்பிள். முதலில் "குறைபாடு" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், "வரம்பு" போதும். அடுத்து, ஒவ்வொரு வரம்பையும் ஒரு பலத்தோடு முடியுங்கள். "ஒரே நிலையத்தில் நடந்தாலும், ஆழமான தரவு கிடைத்தது" என்பது மாதிரி. மூன்றே மூன்று வரம்பு, ஒரு பத்தி, முடிந்தது. நான் மேலாண்மையில் முனைவர் பட்டம் முடித்தேன். வைவாவில் என் வரம்புகள் பக்கத்தை யாரும் திறக்கவே இல்லை. நாமே போய் எக்ஸ்டர்னல் கையில் ஆயுதத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

தூத்துக்குடிக்காரன்

நேர்கோடு சொல்றதை வழிமொழியறேன். நான் ஒன்பது வரம்பு எழுதினேன். எக்ஸ்டர்னல் ஒண்ணொண்ணா வாசிச்சு, "இவ்வளவு தெரிஞ்சும் ஏன் செய்யலை?"ன்னு கேட்டார். ஒன்பதுக்கும் என்கிட்ட ஒரே பதில்தான்: டைம் இல்ல சார். அந்த நாற்பது நிமிஷத்தை நினைச்சா இன்னைக்கும் கை சில்லிடுது. குறைச்சு எழுதுங்க தங்கச்சி.

பழைய_பேனா

தூத்துக்குடி தம்பி, எண்ணிக்கை ஒன்பது என்பது உங்களைச் சிக்க வைக்கவில்லை. ஒன்பதும் உங்களைப் பற்றி இருந்தன, அதுதான் காரணம். நேரம் இல்லை, பணம் இல்லை, வண்டி இல்லை என்று எழுதினால் தேர்வாளர் உங்களைத்தான் கேட்பார். இந்த முடிவை எவ்வளவு நம்பலாம் என்று எழுதியிருந்தால் முடிவைப் பற்றிக் கேட்டிருப்பார். அதற்குப் பதில் சொல்வது எளிது.

மழைக்குருவி, நான் பொது சுகாதாரத் துறையில் புள்ளியியல் பார்த்தவன். ஆய்வேடுகளை மதிப்பிட்டும் இருக்கிறேன். உங்கள் பத்தியில் ஏழு வாக்கியம். அந்த 64 என்ற எண்ணைப் பற்றி அதில் ஒரு வாக்கியம்கூட இல்லை. அந்த எண் கூடுதலா, குறைவா, எவ்வளவு தள்ளியிருக்கும் என்று வாசிப்பவருக்கு எதுவும் தெரியவில்லை. அதனால்தான் மன்னிப்பாகப் படுகிறது. சொல்லை மாற்றுவதால் இது சரியாகாது. "குறைபாடு" என்பதை "வரம்பு" ஆக்கினாலும் அந்த வெற்றிடம் அப்படியே இருக்கும்.

கருத்தாய்வு மாதிரியான ஆய்வுகளை எப்படி அறிக்கையிட வேண்டும் என்று 2007-ல் வெளியான ஸ்ட்ரோப் வழிகாட்டுதலில் 22 இனங்கள் உண்டு. 19-வது இனம் வரம்புகள். எண் உண்மையிலிருந்து ஒரு பக்கமாக விலகுவதுதான் சாய்வு. அது எந்தப் பக்கம், எந்த அளவு, இரண்டையும் பேசச் சொல்கிறது. உங்கள் துறையில் அதைக் கட்டாயம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் அந்த இரண்டு கேள்வியும் உங்கள் வேலைக்கு அப்படியே பொருந்தும்.

எழுதுவதற்கு முன்னால் நாலு விவரம் வேண்டும். கேள்வி எப்படிக் கேட்டீர்கள்? எங்கே உட்கார்ந்து கேட்டீர்கள்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? நோயாளியின் நோட்டைப் பார்த்தீர்களா?

மழைக்குருவி

நன்றி சார். கேள்வி இதுதான்: "போன ஏழு நாளில் எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போச்சு?" ஒரு நாளும் இல்லை அல்லது ஒரே ஒரு நாள் என்றால் ஒழுங்கு என்று எடுத்துக்கொண்டேன். மாத்திரை கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். நர்ஸ் அக்கா மேசையில் இருப்பார். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை.

நோட்டைப் பார்த்தேன். பெயர், வயது சரிபார்க்க வாங்கும்போது போன தடவை மாத்திரை வாங்கிய தேதியையும் படிவ ஓரத்தில் குறித்துவைத்தேன். ஆனால் அதை எதற்கும் பயன்படுத்தவில்லை.

பழைய_பேனா

அந்த ஓரக் குறிப்புதான் இந்த ஆய்வின் பொக்கிஷம். இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். ஒழுங்காக எடுக்கிறேன் என்ற 136 பேரின் படிவத்தை மட்டும் தனியே எடுங்கள். ஒரு தடவைக்கு எத்தனை நாள் மாத்திரை கொடுக்கிறார்கள்? 30 நாள் என்றால், போன தேதிக்கும் நீங்கள் கேட்ட தேதிக்கும் நடுவில் 37 நாளுக்கு மேல் ஆனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.

ஏன் என்றால், 30 மாத்திரை வாங்கியவர் நாற்பதாம் நாள் வருகிறார் என்று வையுங்கள். கடைசிப் பத்து நாள் அவர் கையில் மாத்திரை இல்லை. நீங்கள் கேட்டதோ "போன ஏழு நாள்". அதாவது மாத்திரையே இல்லாத நாட்களைப் பற்றித்தான் அவர் "விடலை" என்று சொல்லியிருக்கிறார். "பதிலளித்தவர்கள் உண்மையைக் கூறாமல் இருந்திருக்கலாம்" என்று ஊகமாக எழுதினீர்களே, அதைச் சோதித்துப் பார்க்கும் தரவு உங்கள் கையிலேயே இருக்கிறது.

அரிதாரம்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே பிரச்சினை. நான் தமிழ்த்துறை. தெருக்கூத்துக் கலைஞர்கள் 12 பேரை நேர்காணல் செய்து ஆய்வேடு எழுதுகிறேன். என் பகுதியிலும் "12 பேரிடம் மட்டுமே பேச இயன்றதால் பொதுமைப்படுத்த இயலாது" என்றுதான் இருக்கிறது. எனக்கும் விழுக்காடு, சாய்வு எல்லாம் போடச் சொல்கிறீர்களா? 12 பேரில் விழுக்காடு எப்படிப் போடுவது?

இன்னொன்று. நம் மரபில் நூலின் தொடக்கத்தில் அவையடக்கம் பாடுவது உண்டு. ஆய்வேட்டில் "சிறு முயற்சியே" என்று எழுதுவது அந்தப் பழக்கத்தில் வந்தது என்று நினைக்கிறேன். அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய_பேனா

தம்பி, அவையடக்கம் நன்றியுரைக்குப் பக்கத்தில் தாராளமாக இருக்கட்டும். அது பாடுபவருக்கும் அவைக்கும் நடுவில் உள்ள மரியாதை. வரம்புகள் பகுதி முடிவுக்கும் அதை நம்பிப் பயன்படுத்தப் போகிறவருக்கும் நடுவில் உள்ளது. நாளைக்கு ஒரு மருத்துவ அலுவலர் 64 என்பதைப் பார்த்துவிட்டு "நம்ம பகுதியில் பரவாயில்லை" என்று முடிவெடுத்தால், அவருக்கு உங்கள் பணிவு உதவாது.

உங்களுக்கு விழுக்காடு வேண்டாம். நீங்கள் 12 பேரை வைத்து எல்லாக் கலைஞர்களையும் எண்ணிச் சொல்லப் போவதில்லையே, பிறகு "பொதுமைப்படுத்த இயலாது" என்று ஏன் வருந்துகிறீர்கள்? நீங்கள் கொடுக்காத வாக்குக்கு மன்னிப்புக் கேட்கிறீர்கள். உங்கள் உண்மையான பலவீனம் வேறு எங்கோ இருக்கும். அந்த 12 பேரை யார் காட்டினார்கள்?

அரிதாரம்

ஒரு ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், வாத்தியார். அவர்தான் "இவரைப் பாருங்க, அவரைப் பாருங்க" என்று அனுப்பினார்.

பழைய_பேனா

அப்போது வாத்தியாரோடு சண்டை போட்டுக்கொண்டு வேறு ஜமாவுக்குப் போனவர்கள், கூத்தையே விட்டவர்கள் உங்கள் 12-ல் இருக்கிறார்களா? ஊதியப் பங்கீடு பற்றி ஓர் அத்தியாயம் இருந்தால், அந்த அத்தியாயம் முழுக்க ஒரு வாத்தியாரோடு நல்ல உறவில் இருப்பவர்களின் குரல். அதைத்தான் எழுத வேண்டும். 12 என்ற எண்ணைப் பற்றி எழுதத் தேவையே இல்லை.

அரிதாரம்

இல்லை சார். விட்டுப்போனவர்கள் ஒருவரும் இல்லை. ஊதியம் பற்றி அத்தியாயம் இருக்கிறது. இதை நான் யோசிக்கவே இல்லை.

நாலுமணிப்பூ

நான் ஒரு பி.எச்.சி.ல என்.சி.டி. ஸ்டாஃப் நர்ஸ். பாப்பா, உன் லிஸ்ட்ல பெரிய விஷயம் ஒண்ணு விட்டுப்போச்சு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல வந்ததுல இருந்து பி.பி., சுகர் நிலையா இருக்கிற நிறைய பேருக்கு தன்னார்வலர் வீட்டுக்கே போய் மாத்திரை கொடுக்கிறாங்க. அவங்க மாசாமாசம் நம்ம மேசைக்கு வர்றதில்ல. நீ மேசைக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்தா அவங்க யாரும் உன் கண்ணுல படமாட்டாங்க. படுக்கையில இருக்கிற வயசானவங்களும் அப்படித்தான்.

அப்புறம் காலை ஒன்பது டு பன்னிரண்டுன்னா சித்தாள் வேலை, கொத்தனார் வேலைக்குப் போறவங்க வரமாட்டாங்க. அவங்க வீட்டம்மா நோட்டை எடுத்துட்டு வந்து வாங்கிட்டுப் போவாங்க. உன் 212-ல ஆம்பளைங்க எத்தனை பேர்?

இன்னொண்ணு, லேட்டா வந்தாலே மாத்திரை விட்டுட்டாங்கன்னு அர்த்தம் இல்ல சார். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்குமே அம்லோடிபின் 5 மில்லிகிராம் இருக்கும், ஒருத்தர் அட்டையில இருந்து இன்னொருத்தர் போட்டுப்பாங்க. மெடிக்கல்ல பத்து மாத்திரை அட்டை வாங்கிச் சமாளிக்கிறவங்களும் உண்டு. முன்னாடி விட்டதுல மிச்சம் வச்சிருப்பாங்க.

பழைய_பேனா

நீங்கள் சொல்வது சரி அம்மா. நான் மாத்திரை கையிருப்பை மட்டும் பார்த்துவிட்டேன். தாமதம் என்பது அறிகுறிதான், சாட்சி ஆகாது. மழைக்குருவி, எண்ணி முடித்ததும் இந்த வாதத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மழைக்குருவி

எண்ணிவிட்டேன். 136-ல் 118 பேரின் தேதி படிக்க முடிகிறது. மீதி 18 பேரில் சிலர் நோட்டுக் கொண்டுவரவில்லை, சிலருடையதில் மை அழிந்திருக்கிறது. 118-ல் 29 பேர் 37 நாளுக்கு மேல் கழித்து வந்திருக்கிறார்கள். அந்த 29 பேரையும் "ஒழுங்கு" கணக்கிலிருந்து எடுத்தால் 107 பேர், அதாவது 50 விழுக்காடு. 64 எங்கே, 50 எங்கே! இரவு தூக்கமே வரவில்லை.

அக்கா, வீட்டுக்கே மாத்திரை போகும் விஷயம் எனக்குத் தெரியும். ஆனால் என் சாம்பிளில் அவர்கள் இல்லை என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. ஆண்கள் 61, பெண்கள் 151. ஒரு வாக்கியம் முயற்சி செய்தேன், சரியா பாருங்கள்:

"பதில்கள் நோயாளிகளின் கூற்றை மட்டுமே நம்பியிருந்ததால் 64 விழுக்காடு என்பது தவறானதாக இருக்கக்கூடும். உண்மையான விழுக்காடு 50 முதல் 64 வரை இருக்கும்."

பழைய_பேனா

இரண்டு வாக்கியத்திலும் பிழை இருக்கிறது.

"தவறானதாக இருக்கக்கூடும்" என்பது மறுபடியும் மூட்டமாகிவிட்டது. எந்தப் பக்கம் தவறு? நர்ஸ் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்து, மாத்திரை வாங்க நிற்பவரிடம் "விட்டீர்களா" என்று கேட்டால், விடாதவர் "விட்டேன்" என்று சொல்லமாட்டார். விட்டவர் "விடலை" என்று சொல்வார். சாய்வு ஒரே பக்கம்தான். ஆகவே "64 உண்மையைவிடக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு" என்று துணிந்து எழுதலாம்.

இரண்டாவதில் தைரியம் அளவுக்கு மீறிவிட்டது. 50 கீழ் எல்லை இல்லை. தேதி தெரியாத 18 பேரை நீங்கள் ஒழுங்கு என்றே விட்டுவிட்டீர்கள். சரியான தேதிக்கு வந்து வாங்கிப் பெட்டியில் போட்டு வைத்தவர்களையும் நோட்டு காட்டிக்கொடுக்காது. ஆகவே 50-க்குக் கீழேயும் இருக்கலாம். அம்மா சொன்ன மாதிரி அந்த 29-ல் சிலர் நிஜமாகவே எடுத்தும் இருக்கலாம். "29 பேரையும் நீக்கினால் 50 ஆகிறது" என்பது கணக்கு, அதை எழுதுங்கள். "உண்மை இதற்கு நடுவில்" என்பது உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு.

அடுத்தது, அம்மா சொன்ன வீட்டு மாத்திரைக்காரர்கள். அவர்கள் விஷயத்தில் சாய்வு எந்தப் பக்கம்?

நாலுமணிப்பூ

ரெண்டு பக்கமும் இருக்கு சார். வீடு தேடி மாத்திரை வர்றதால விடாம எடுக்கிறவங்க உண்டு. கொண்டு வந்து கொடுத்ததை அலமாரியில அடுக்கி வச்சிருக்கிற பாட்டிகளையும் பார்த்திருக்கேன். என்னால ஒரு பக்கமா சொல்ல முடியாது.

பழைய_பேனா

அப்படியானால் பக்கம் தெரியாது என்றுதான் எழுத வேண்டும். பக்கம் தெரியாதபோது செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, எண் யாரைப் பற்றியது என்பதைச் சுருக்குவது. "நிலையத்துக்கு நேரில் வந்து மாத்திரை வாங்குபவர்கள்" என்று. அந்தச் சொற்றொடர் சுருக்கத்திலும் தலைப்பிலும் முடிவுரையிலும் வர வேண்டும். மழைக்குருவி, உங்கள் சுருக்கத்தில் இப்போது என்ன இருக்கிறது?

மழைக்குருவி

"இப்பகுதி மக்களில் 64 விழுக்காட்டினர் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்கின்றனர்" என்று இருக்கிறது. முடிவுரையில் "ஆண்கள் பெண்களைவிட அலட்சியமாக உள்ளனர்" என்றும் எழுதியிருக்கிறேன். ஆண்களில் 61-ல் 33, பெண்களில் 151-ல் 103.

பழைய_பேனா

வரம்புகள் பகுதியில் "பொதுமைப்படுத்த இயலாது" என்று சொல்லிவிட்டு, சுருக்கத்தில் "இப்பகுதி மக்கள்" என்று பொதுமைப்படுத்தியிருக்கிறீர்கள். எக்ஸ்டர்னல் பிடிப்பது இந்த முரணைத்தான். பலவீனம் எல்லா ஆய்விலும் இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஆய்வாளரே ஓரிடத்தில் ஒத்துக்கொண்டு இன்னோர் இடத்தில் மறந்துவிட்டால் அதை விடமாட்டார்.

ஆண் பெண் கணக்கைப் பாருங்கள். 54 விழுக்காடு, 68 விழுக்காடு, வித்தியாசம் 14. ஆனால் ஆண்கள் 61 பேர் மட்டும் என்பதால் 95 விழுக்காடு நம்பக இடைவெளி ஏறக்குறைய சுழியத்திலிருந்து 29 வரை போகிறது. வித்தியாசமே இல்லாமலும் இருக்கலாம், மிகப் பெரியதாகவும் இருக்கலாம். அதோடு வேலைக்குப் போகும் ஆண்கள் அந்த 61-ல் இல்லவே இல்லை. "அலட்சியம்" என்ற சொல்லுக்கு உங்கள் தரவில் எந்த ஆதாரமும் கிடையாது. வரம்புகளில் எழுதுவது இருக்கட்டும், அந்த வாக்கியத்தை முடிவுரையிலிருந்து எடுங்கள்.

அதே சமயம் "212 பேர் மட்டுமே" என்று நீங்கள் வருந்தியிருக்கத் தேவையில்லை. மொத்த எண்ணுக்கு 212 போதுமானதுதான். 64-க்கு இடைவெளி 58 முதல் 71 வரை வருகிறது. 212 போதாமல் போனது ஆண்களைத் தனியாகப் பிரிக்கும்போது மட்டும். "எதற்குப் போதவில்லை" என்று எழுதினால் அது ஒரு தகவல். வெறும் "மட்டுமே" என்று எழுதினால் புலம்பல்.

நேர்கோடு

நான் சொன்னதில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன். பலத்தோடு முடிப்பது என்று சொன்னது இங்கே பொருந்தவில்லை, நோட்டுக் கணக்கே பலம் மாதிரி வேலை செய்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் விடமாட்டேன். ஒரே நிலையத்தில் செய்தது வரம்பே இல்லை. அது அவர் தேர்ந்தெடுத்த எல்லை. முதல் அத்தியாயத்தில் "ஆய்வு எல்லை" என்ற தலைப்பில் அது இருக்க வேண்டும். தானே வரைந்த கோட்டுக்கு ஐந்தாவது அத்தியாயத்தில் எதற்கு வருத்தம்?

பழைய_பேனா

அது சரியான பேச்சு. கோடு எங்கே போட்டோம் என்பது முதல் அத்தியாயம். அந்தக் கோட்டால் எண்ணுக்கு என்ன ஆனது என்பது மட்டும் ஐந்தாவதில். வீட்டு மாத்திரைக்காரர்கள் அப்படித்தான் ஐந்தாவதுக்கு வருகிறார்கள்.

மழைக்குருவி

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். "ஆய்வாளர்" என்ற சொல்லை ஒரு இடத்திலும் பயன்படுத்தாமல் எழுத முடியுமா என்று பார்த்தேன். எழுத எழுத "இயலவில்லை", "மட்டுமே" எல்லாம் தானாகவே போய்விட்டன. மறுப்பு 36 பேருக்கும் சார் நோட்டுக்குச் சொன்ன மாதிரியே இரண்டு ஓரத்துக்கும் கணக்குப் போட்டேன்.

"64 விழுக்காடு என்ற எண், நிலையத்துக்குக் காலை வேளையில் நேரில் வந்து மாத்திரை பெற்றவர்களைப் பற்றியது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே மாத்திரை பெறுபவர்களும், குடும்பத்தினரை அனுப்பி வாங்கிக்கொள்ளும் கூலித் தொழிலாளர்களும் இதில் இல்லை. அவர்களைச் சேர்த்தால் இந்த எண் கூடுமா குறையுமா என்பதை இந்தத் தரவிலிருந்து சொல்ல வழியில்லை.

கேள்விகள் மாத்திரை வழங்கும் மேசைக்கு அருகில், செவிலியர் கேட்கும் தூரத்தில் கேட்கப்பட்டன. எனவே 64 விழுக்காடு உண்மை நிலையைவிடக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு. ஒழுங்காக எடுப்பதாகச் சொன்ன 136 பேரில் 118 பேரின் குறிப்பேட்டுத் தேதியைப் படிக்க முடிந்தது. அவர்களில் 29 பேர், 30 நாள் மாத்திரை தீர்ந்து ஒரு வாரத்துக்கும் மேல் கழித்து வந்திருந்தனர். மீதம் வைத்திருந்த மாத்திரை, கடையில் வாங்கியது, குடும்பத்தில் மற்றொருவருடையது ஆகியவற்றை இவர்களில் சிலர் பயன்படுத்தியிருக்கலாம். கேள்வித்தாளில் அதற்கான கேள்வி இல்லை. 29 பேரையும் நீக்கினால் விழுக்காடு 50 ஆகிறது.

அணுகிய 248 பேரில் 36 பேர் பேச மறுத்தனர். அவர்கள் அனைவரும் மாத்திரையை விட்டவர்கள் என்று கொண்டால் விழுக்காடு 55, அனைவரும் ஒழுங்காக எடுப்பவர்கள் என்று கொண்டால் 69. பெரும்பாலோர் ஒழுங்காக எடுப்பதாகச் சொல்கின்றனர் என்ற முடிவு இந்த இரண்டு நிலையிலும் மாறவில்லை. 61 ஆண்களைக் கொண்டு ஆண் பெண் வேறுபாட்டை உறுதிசெய்ய முடியாது. அட்டவணையில் உள்ள வேறுபாடு விவரமாக மட்டும் தரப்படுகிறது."

தூத்துக்குடிக்காரன்

இதைப் படிச்சா ஆய்வு மேல மதிப்புதான் கூடுது. எனக்கு அன்னைக்கு யாராவது இப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

பழைய_பேனா

நன்றாக வந்திருக்கிறது. "பெரும்பாலோர் எடுக்கின்றனர்" என்று எழுதாமல் "எடுப்பதாகச் சொல்கின்றனர்" என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் நீங்கள் தேர்ந்துவிட்டீர்கள். அதே வினையை அட்டவணைத் தலைப்புகளிலும் போடுங்கள். "ஒழுங்காக எடுப்பவர்கள்" என்று இருந்தால் "ஒழுங்காக எடுப்பதாகக் கூறியவர்கள்" ஆக்குங்கள்.

மழைக்குருவி

கைடு படித்தார். பிடித்திருக்கிறது. ஆனால் "காலப் பற்றாக்குறை காரணமாக" என்ற ஒரு வாக்கியமாவது வேண்டும், துறையின் வழக்கம் என்கிறார். சேர்த்துவிடட்டுமா?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. முதல் நான்கு நாளில் எடுத்த 31 படிவத்தில் நான் கேள்வியை வேறு மாதிரி ஆரம்பித்தேன். "மாத்திரையை ஒழுங்கா போடுறீங்கல்ல?" என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் ஏழு நாள் கேள்விக்குப் போவேன். ஐந்தாம் நாள் அது சரியில்லை என்று தோன்றி நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இதையும் எழுத வேண்டுமா?

நேர்கோடு

வேண்டாம். 31 பேர், மொத்தத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். எல்லாக் களப்பணியிலும் இப்படி நடக்கும்.

பழைய_பேனா

எழுத வேண்டும். ஆனால் வரம்புகளில் இல்லை, மூன்றாவது அத்தியாயத்தில், தரவு திரட்டிய முறை சொல்லும் இடத்தில். நடந்தது அங்கே இருக்க வேண்டும், விளைவு ஐந்தாவதில். விளைவு எவ்வளவு என்று தெரிய 31-ஐயும் மற்ற 181-ஐயும் பிரித்து எண்ணுங்கள். கைடு கேட்கும் வாக்கியம் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் முதல் வாக்கியமாக வைக்காதீர்கள்.

நாலுமணிப்பூ

"போடுறீங்கல்ல"ன்னு கேட்டா யாரும் இல்லன்னு சொல்லமாட்டாங்க பாப்பா. நாங்களே அப்படித்தான் கேட்டுட்டு இருக்கோம்.

மழைக்குருவி

பிரித்து எண்ணினேன். முதல் 31-ல் 25 பேர் ஒழுங்கு என்றார்கள், 81 விழுக்காடு. மற்ற 181-ல் 111 பேர், 61 விழுக்காடு.

அரிதாரம்

அம்மாடி, ஒரு "ல்ல"வுக்கு இருபது விழுக்காடா?

பழைய_பேனா

அத்தனையும் அந்தச் சொல்லால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. முதல் நான்கு நாளில் வந்தவர்கள் வேறு மாதிரி ஆட்களாக இருந்திருக்கலாம், முகாம் ஏதாவது நடந்திருக்கலாம். ஆனால் இது வரம்புகள் பகுதியைத் தாண்டிவிட்டது. முகப்பில் 64 போடுவதா, 31-ஐ விலக்கி 61 போடுவதா என்ற கேள்வி இது. நான் இருந்தால் 64-ஐ வைத்துக்கொண்டு, இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் நான்காவது அத்தியாயத்தில் காட்டுவேன். இன்னொருவர் 61-தான் நேர்மை என்பார், அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

நேர்கோடு

நான் 61 பக்கம். கேள்வி மாறிய படிவம் வேறு கருவியில் எடுத்த தரவு. "எழுத வேண்டாம்" என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

மழைக்குருவி

61 போட்டால் நோட்டுக் கணக்கு, மறுப்புக் கணக்கு எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டும். பைண்டிங்குக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. நாளைக் காலை 31 படிவத்தையும் தனிக் கட்டாக எடுத்துக்கொண்டு கைடைப் பார்க்கப் போகிறேன். அந்த நான்கு நாளில் முகாம் ஏதும் நடந்ததா என்று நிலையத்து நர்ஸ் அக்காவுக்குப் போன் போட்டேன், ரெஜிஸ்டரைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் சொல்கிறேன் என்றார்.